அம்மாவின் வத்தக்குழம்பை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தபோது

கேள்வி: அம்மா வாட்ஸ்அப்பில் புள்ளி, கமா எதுவும் இல்லாமல் ஒரே மூச்சில் சமையல் குறிப்பு அனுப்புகிறார். தமிழ் தெரியாதவர் படித்துச் சமைக்கும்படி அதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். அளவும் பக்குவமும் தப்பாமல் எழுதுவது எப்படி?

பதில்:

என் தம்பி மனைவிக்குத் தமிழ் வராது, இருப்பது வெளிநாட்டில். அவளுக்காக நான் மொழிபெயர்த்த முதல் குறிப்பு வத்தக்குழம்பு. அதில் நன்றாகவே சொதப்பினேன். அம்மா அனுப்பியது இது:

"பாப்பா எலுமிச்சங்கா அளவு புளி ஊறப் போடு நல்லெண்ணெ தாராளமா விட்டு கடுகு வெந்தயம் தாளிச்சு சின்ன வெங்காயம் வதக்கி குழம்புப் பொடி 2 ஸ்பூன் போட்டு பெரட்டு புளித்தண்ணி 2 டம்ளர் விட்டு உப்பு போட்டு கொதிக்கட்டும் சுண்டி எண்ணெ பிரிஞ்சதும் எறக்கு சுண்டக்கா வத்தல மொதல்லயே வறுத்து வச்சுக்க சொல்ல மறந்துட்டேன்"

கடைசி வரியைப் பாருங்கள். முதலில் செய்ய வேண்டியது முடிவில் வந்திருக்கிறது. அதனால் ஆங்கிலத்துக்குப் போகும் முன் தமிழிலேயே வரிசைப்படுத்தி ஒருமுறை எழுதிப் பாருங்கள். அப்போதுதான் ஓட்டை தெரியும். வறுத்த வத்தலை எப்போது குழம்பில் போடுவது? குறிப்பில் இல்லை. போனில் கேட்டேன். "கொதிக்கறப்ப போடு. வத்தல்லயே உப்பு இருக்கும், பாத்துப் போடு" என்றார். அந்த உப்பு விஷயமும் குறிப்பில் இல்லாததுதான்.

நான் சறுக்கியது அளவில். 'லெமன் அளவு புளி' என்று எழுதிவிட்டேன். நம் ஊர் எலுமிச்சை உள்ளங்கைக்குள் அடங்கும். அங்கே லெமன் என்று விற்பது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். குழம்பு வாயில் வைக்க முடியாத புளிப்பு. அடுத்த முறை அம்மாவைப் புளியை உருட்டித் தராசில் வைக்கச் சொன்னேன். 20 கிராம். இப்போது குறிப்பில் கிராம்தான் இருக்கிறது.

ஸ்பூனும் அப்படித்தான். அம்மா சொல்வது பொடி டப்பாவுக்குள்ளேயே கிடக்கும் ஸ்பூன், அதுவும் குவித்து. அதை அளவு ஸ்பூனில் கொட்டிப் பார்த்தால் இரண்டு டீஸ்பூன் வந்தது. ஆக மொத்தம் 4 டீஸ்பூன் பொடி. டம்ளரை 'கப்' என்று எழுதாதீர்கள். எங்கள் வீட்டு டம்ளர் 180 மில்லி, அமெரிக்கக் கப் சுமார் 240. இரண்டு டம்ளரை இரண்டு கப் ஆக்கினால் 120 மில்லி தண்ணீர் கூடிவிடும். அரிசியும் தண்ணீரும் ஒரே டம்ளரில் அளக்கிற குறிப்பு என்றால் எந்த டம்ளரும் சரி, விகிதம் மாறாது. இங்கே பொடி ஸ்பூனில், தண்ணீர் டம்ளரில், அதனால் உதைக்கும். உப்பும் கல் உப்பு. ஒரே ஸ்பூனில் தூள் உப்பு நெருக்கமாக நிறைந்து அதிகமாகிவிடும் என்பதால், குறைத்துப் போட்டு ருசி பார்க்கும்படி எழுதினேன்.

அடுத்து வினைச்சொற்கள். 'தாளி' என்பதற்கு அகராதி 'சீசன்' என்கிறது. அதைப் படிக்கிறவர் உப்பும் மிளகும் தூவச் சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார். 'வறு', 'வதக்கு' இரண்டையும் நான் 'ஃப்ரை' என்றே எழுதியிருந்தேன். இப்படிப்பட்ட இடங்களில் ஒற்றைச் சொல்லைத் தேடி அலையாமல், கண்ணுக்குத் தெரிவதை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். எண்ணெய் காய்ந்ததும் கடுகு, அது வெடித்து அடங்கியபின் வெந்தயம், அது லேசாகச் சிவந்ததும் உடனே வெங்காயம் என்று எழுதினேன். வெந்தயம் கருகினால் குழம்பே கசக்கும், அதையும் சேர்த்தேன். வெங்காயத்துக்கு, கண்ணாடி மாதிரி ஆகும் வரை மிதமான தீ. 'எண்ணெ பிரிஞ்சதும்' என்பதற்கு, குழம்பு கெட்டியாகி ஓரங்களில் எண்ணெய் தனியாக மிதக்கும் வரை. ஏறக்குறைய 15 நிமிடம். நிமிடம் ஒரு துணைக்குத்தான், மிதக்கும் எண்ணெய்தான் கணக்கு.

நல்லெண்ணெயை 'எள் எண்ணெய்' என்று மட்டும் எழுதினாலும் ஆபத்து. அங்கே கடைகளில் அந்தப் பெயரில் பெரும்பாலும் கிடைப்பது, வறுத்த எள்ளில் எடுத்த கறுத்த எண்ணெய். வாசனைக்குச் சில துளி விடுவது அது. வறுக்காத எள்ளில் எடுத்தது, இந்தியக் கடையில் வாங்கு என்று எழுதிவிட்டேன்.

எல்லாம் முடித்து, என் ஆங்கிலத்தை வரிக்கு வரி தமிழில் அம்மாவிடம் திருப்பிச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, "மூடி போடாம கொதிக்க விடணும்னு எழுதினியாடி?" என்றார். எழுதவில்லை. அவரும் சொல்லவில்லை.