செக் திரும்பி வந்தால் பில்லுக்கு வயது குறையாது

கேள்வி: ஒரு வாடிக்கையாளருக்கு மார்ச் 5-ஆம் தேதி 1,20,000-க்கு பில் போட்டேன், 60 நாள் கடன். மார்ச் 12-ஆம் தேதியே மே 4 தேதியிட்ட செக் கொடுத்தார். முன்கூட்டியே கொடுத்ததால் 2,400 கழித்து 1,17,600-க்கு வாங்கிக்கொண்டு, அன்றே வரவு வைத்துக் கணக்கை முடித்துவிட்டேன். அந்தச் செக் மே 6-ஆம் தேதி ‘போதிய பணம் இல்லை’ என்று திரும்பிவிட்டது. பேங்க் 300 பிடித்திருக்கிறது. ஏப்ரல் 4-ஆம் தேதி போட்ட 90,000 பில்லுக்கு, ஜூன் 3 தேதியிட்ட இன்னொரு செக்கும் கையில் இருக்கிறது. அதையும் வரவு வைத்துவிட்டேன். பழைய பில்லை ரத்து செய்துவிட்டுப் புது பில் போடலாமா? அவர் “அடுத்த வாரம் மறுபடி போடுங்கள்” என்கிறார்.

பதில்: பில்லைத் தொடாதீர்கள். சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது, விற்பனை நடந்துவிட்டது. நின்றுபோனது பணம் மட்டும்தான். பழைய பில்லை ரத்து செய்து புதிதாகப் போட்டால் விற்பனைத் தேதி, வரிக் கணக்கு, கெடு எல்லாமே மாறிவிடும். பின்னால் வழக்கு என்று வந்தால், எந்தப் பில்லுக்காக அந்தச் செக் கொடுக்கப்பட்டது என்பதைக் காட்டுவதும் சிக்கலாகிவிடும்.

உங்கள் கணக்கில் தவறு மே 6-ஆம் தேதி நடக்கவில்லை, மார்ச் 12-ஆம் தேதியே நடந்துவிட்டது. பின்தேதியிட்ட செக் என்பது பணம் அல்ல, வாக்குறுதி. அதை வாங்கிய அன்றே பேங்க் கணக்கில் ஏற்றியதால், மார்ச் 12 முதல் மே 4 வரை உங்கள் பேங்க் புத்தகம் இல்லாத 1,17,600-ஐக் காட்டிக்கொண்டிருந்தது. மார்ச் மாத ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டிருந்தாலே இது தெரிந்திருக்கும். இத்தகைய செக் வந்தால் ஒரு தனிப் பதிவேட்டில் செக் எண், தேதி, தொகை, எந்தப் பில்லுக்கு என்று எழுதி வைத்தால் போதும். வாடிக்கையாளர் கணக்கில் பாக்கி அப்படியே நிற்கட்டும். பேங்கில் போடும் நாளில் வரவு வைக்கலாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. மே 6 தேதியிட்டு வாடிக்கையாளர் கணக்கில் 1,20,000 பற்று எழுதுங்கள். எதிர்ப்பக்கம் பேங்கில் 1,17,600 வரவு, கொடுத்த தள்ளுபடிக் கணக்கில் 2,400 வரவு. பலரும் 1,17,600-ஐ மட்டும் திருப்பிவிட்டு அந்த 2,400-ஐ மறந்துவிடுகிறார்கள். பணம் வந்தால் தருவதாக ஒப்புக்கொண்ட கழிவு அது. பணம் வராதபோது கழிவும் இல்லை. 300-ஐ முதலில் பேங்க் கட்டணச் செலவாக எழுதுங்கள். வாடிக்கையாளரிடம் வசூலிக்க உங்கள் ஒப்பந்தத்தில் இடமிருந்தால், தனியாக ஒரு டெபிட் நோட் அனுப்புங்கள். பழைய பில் தொகையோடு கலக்க வேண்டாம்.

முதலில் போட்ட வரவுப் பதிவை அழித்துவிடாதீர்கள். மே 4-ஆம் தேதி செக் போட்டதும், மே 6-ஆம் தேதி திரும்பியதும் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இரண்டு வரிகளாக இருக்கும். உங்கள் புத்தகத்திலும் இரண்டு வரிகள் இருந்தால்தான் ஒத்துப்போகும். அந்த வரவின் தேதியை மட்டும் மார்ச் 12-இலிருந்து மே 4-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். மார்ச் மாதக் கணக்கை ஏற்கெனவே மூடிவிட்டீர்கள் என்றால், உங்கள் ஆடிட்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

மே 6 பற்றை மென்பொருளில் ஏற்றும்போது, அது எந்தப் பில்லுக்கானது என்று கேட்கும். புதுக் குறிப்பு என்று கொடுத்துவிடாதீர்கள். அப்படிக் கொடுத்தால் 60 நாள் கெடு மே 6-இலிருந்து ஓட ஆரம்பித்து, ஜூலை 5 வரை பாக்கி கெடுவுக்குள் இருப்பதுபோல் தெரியும். உண்மையில் இது மே 4-ஆம் தேதியே கெடு முடிந்த பில். ஜூன் 10-ஆம் தேதி பாக்கிப் பட்டியலை எடுத்தால், 37 நாள் தாமதமான ஒரு பாக்கி தாமதமே இல்லாததுபோல் நிற்கும், யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். அதனால் மார்ச் 5 பில் எண்ணையே கொடுங்கள். 90,000 வரவையும் இன்றே நீக்குங்கள், அது இன்னும் பேங்குக்குப் போகவே இல்லை. இதுவரை பூஜ்யம் என்று காட்டிய அந்த லெட்ஜர், டெபிட் நோட்டையும் சேர்த்து 2,10,300 பாக்கி என்று காட்டும். அவருக்கு அடுத்த சரக்கை அனுப்பலாமா என்பதை இந்த எண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்புறம் வசூல். முதலில் பேங்க் கொடுத்த மெமோவில் உள்ள காரணத்தைப் பாருங்கள். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்றால் புதுச் செக் வாங்கினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ‘பணம் தர வேண்டாம் என்று உத்தரவு’ என்றிருந்தால் சரக்கிலோ பில்லிலோ அவருக்கு ஏதோ குறை இருக்கக்கூடும், அதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மற்றது. கணக்கே மூடப்பட்டிருந்தால் அவரிடம் இனி செக் வாங்காதீர்கள். உங்களுக்கு வந்த காரணம் பணப் பற்றாக்குறை. “அடுத்த வாரம் போடுங்கள்” என்று அவர் சொல்வதை நம்பலாம், ஆனால் எழுத்தில் வாங்கிக்கொண்டு நம்புங்கள். எந்தத் தேதியில், எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று அவர் ஒரு செய்தியாவது அனுப்பட்டும். மறுபடி செக் போட்டு அதுவும் திரும்பினால் இன்னொரு கட்டணம் உங்கள் தலையில் விழும். நேரடியாக உங்கள் பேங்க் கணக்குக்கு அனுப்பச் சொல்வதே மேல். பாதி கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதில் மார்ச் 5 பில்லுக்குப் பகுதித் தொகை என்று எழுதி, மீதியையும் குறிப்பிடுங்கள்.

பழைய செக்கையும் மெமோவையும் மட்டும் பணம் கைக்கு வரும்வரை திருப்பித் தராதீர்கள். நான் கணக்கு வேலைக்கு வந்த புதிதில், புதுச் செக்கைப் பார்த்ததுமே பழையதைக் கொடுத்துவிட்டேன். அந்தப் புதுச் செக்கும் திரும்பியது. முதல் செக் திரும்பியதற்குக் கையில் எந்த ஆதாரமும் இல்லாமல் நின்றோம், முதலாளியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பல நாடுகளில் செக் திரும்பினால் சட்ட நோட்டீஸ் அனுப்பக் குறிப்பிட்ட நாள்கணக்கு உண்டு. மெமோ கைக்கு வந்த தேதியைச் செக்கின் நகலில் எழுதி வையுங்கள். பேச்சுவார்த்தை ஓடிக்கொண்டிருக்கும்போதே உங்கள் ஊர்ச் சட்டப்படி எத்தனை நாள் என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். தவணை மேல் தவணை கேட்பவர்களிடம் அந்தக் கெடுவைத் தவறவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 3 செக்குக்கு மே 30-ஆம் தேதியே அவரைக் கூப்பிடுங்கள். கணக்கில் பணம் இருக்குமா, இல்லையென்றால் எப்போது இருக்கும் என்று நேராகக் கேளுங்கள். தேதி தள்ளிப் போடச் சொன்னால், புதிய தேதியை எழுத்தில் வாங்கிக்கொண்டு, செக் செல்லுபடியாகும் காலத்துக்குள் அது வருகிறதா என்று பாருங்கள். அதுவரை புதுச் சரக்கு, முன்பணம் வந்த பிறகுதான்.