80-இல் நிறுத்துவதா, 160-க்குப் போவதா?

கேள்வி: வைஃபையில் லேப்டாப்பிலிருந்து நாஸ் என்னும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டிக்குப் பெரிய கோப்புகளை நகலெடுத்தால் நொடிக்கு 9 மெகாபைட்டைத் தாண்டவில்லை. ரவுட்டரில் பேண்டையும் சேனல் அகலத்தையும் எப்படி வைப்பது?

வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டிலும் இதே 9 மெகாபைட்தான் வந்தது. 40 ஜிகாபைட் அளவுள்ள திருமண வீடியோ ஒன்று நாஸுக்குப் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. வட்டின் மேல் பழிபோடும் முன் விண்டோஸில் இந்தக் கட்டளையை இட்டுப் பார்த்தேன்.

```
netsh wlan show interfaces
```

அதில் இணைப்பு வேகம் 144 மெகாபிட் என்று இருந்தது. இரண்டு ஆன்டெனா உள்ள லேப்டாப் 2.4 ஜிகாஹெர்ட்ஸில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இருப்பதற்கு அந்த எண்ணே அடையாளம். இரண்டு பேண்டுக்கும் ரவுட்டரில் ஒரே பெயர் இருந்ததால், லேப்டாப் தானாக 2.4-ஐப் பிடித்துக்கொண்டிருந்தது. 2.4-இல் அகலத்தை 40 ஆக்கலாம்தான். ஆனால் அண்டை வீட்டு வைஃபைகள் நெருக்கியடிக்கும் தெருவில் அது பெரும்பாலும் நிலைப்பதில்லை.

5 ஜிகாஹெர்ட்ஸுக்குத் தனிப்பெயர் கொடுத்து, அகலத்தை 80 ஆக வைத்தேன். வைஃபை 6 என்பதால் இணைப்பு வேகம் 1201 மெகாபிட் ஆனது. அதில் பாதிக்குச் சற்று மேல்தான் உண்மையில் கோப்புக்குக் கிடைக்கும் என்பதால், ரவுட்டர் இருக்கும் அறையில் நொடிக்கு 80 மெகாபைட் வந்து, அதே கோப்பு எட்டரை நிமிடத்திற்குள் முடிந்தது.

அடுத்து 160 வைத்தேன். இணைப்பு வேகம் 2402 என்று இரட்டிப்பானாலும் நகலெடுப்பு 108 மெகாபைட்டோடு நின்றுவிட்டது. நாஸ் கேபிளில் செருகியிருக்கும் போர்ட் 1 ஜிகாபிட் ஆகையால், காற்றில் எவ்வளவு அகலம் கொடுத்தாலும் ஏறக்குறைய 110-க்கு மேல் அது விடாது. நாஸிலும் ரவுட்டரிலும் 2.5 ஜிகாபிட் போர்ட் இருந்தால்தான் 160-இன் முழுப்பயன் தெரியும். (நாஸையும் வைஃபையிலேயே இணைத்திருந்தால் ஒவ்வொரு துண்டும் காற்றில் இரண்டு முறை பயணிப்பதால் வேகம் பாதியாகும், முதலில் அதைக் கேபிளுக்கு மாற்றுங்கள்.)

கருங்கல் சுவரும் மாடித்தளமும் தாண்டிய மேல் அறையிலோ கதை தலைகீழானது. அகலம் இரட்டிப்பாகும்போது இரைச்சலும் 3 டெசிபெல் கூடுவதால், சிக்னல் நலிந்த இடத்தில் இணைப்பு மெதுவான குறியீட்டு முறைக்கு இறங்கிவிடுகிறது. அங்கே 80-இல் நிதானமாக 40 மெகாபைட் வந்தது. 160-இல் 20-க்கும் 45-க்கும் இடையே ஊசலாடியது. போதாததற்கு, 36 முதல் 64 வரையிலான 160 அகலச் சேனலின் பாதி, ரேடாருடன் பங்கிடப்படும் பகுதி. ரவுட்டர் அதைப் பயன்படுத்தும் முன் ரேடார் இருக்கிறதா என்று ஒரு நிமிடம் கவனிக்க வேண்டும்; ரேடார் துடிப்பு தென்பட்டால் நகலெடுப்பின் நடுவிலேயே இடம் மாறிவிடும்.

ஆகவே நான் 36-ஆம் சேனலில் 80 அகலத்தையே நிரந்தரமாக வைத்திருக்கிறேன். பெரிய கோப்பு என்றால் லேப்டாப்பைக் கீழ் அறைக்கு எடுத்துச் செல்கிறேன்.