பந்து யார் கையில்?

அக்கா, வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலத்துக்குப் படகைக் கரையேற்றி மூன்று வாரம் ஆகிறது. கியர்பாக்ஸ் தூத்துக்குடி பட்டறையில் கிடக்கிறது, கடன் மனு பேங்கில் இருக்கிறது, படகின் பதிவை அப்பா பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்றக் கொடுத்த காகிதம் ஆபீஸில் இருக்கிறது. என் பக்கத்து வேலையை எல்லாம் முடித்துவிட்டேன். நோட்டில் மூன்றையும் எழுதி வைத்துத் தினமும் பார்க்கிறேன், பார்த்து என்ன செய்வது? அடிக்கடி போன் போட்டால் எரிச்சல்படுகிறார்கள், விட்டால் மறந்துவிடுகிறார்கள்.

கே., மண்டபம்

தம்பி,

தினமும் பார்ப்பதுதான் முதல் தப்பு. உன் நோட்டில் "பெயிண்ட் வாங்கணும்" என்ற வரிக்குக் கீழேயே "கியர்பாக்ஸ்" என்று இருக்கும், சரியா? பெயிண்டைப் பார்த்தால் எழுந்து கடைக்குப் போகலாம். கியர்பாக்ஸைப் பார்த்தால் பெருமூச்சு விடலாம், அவ்வளவுதான். பத்து நாள் இப்படிப் போனால் கண் அந்த வரியைத் தாண்டிப் போகப் பழகிவிடும், அப்புறம் அது எழுதாத வரிக்குச் சமம். அதனால் அடுத்தவரிடம் இருப்பதை எல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து தலைகீழாக எழுது. முன்பக்கம் நீ செய்வது, பின்பக்கம் நீ காத்திருப்பது. இரண்டும் ஒரே பக்கத்தில் கலக்கவே கூடாது.

பின்பக்கத்தில் "கியர்பாக்ஸ்" என்று ஒற்றைச் சொல்லாக எழுதினாலும் பிரயோஜனம் இல்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"கியர்பாக்ஸ், பேரிங் மாற்றி. பட்டறை மேஸ்திரி. ஏப்ரல் 22 நேரில் கொடுத்தது, அட்வான்ஸ் 15,000. மே 12 தருவதாகச் சொன்னார். மே 8 போன். மே 25 கடைசி."

இதில் கடைசி இரண்டு தேதிகள்தான் முக்கியம், பெரும்பாலோர் எழுதாமல் விடுவதும் அவற்றைத்தான். அவர் சொன்ன தேதி அவருடையது. மே 8 உன்னுடையது. மே 12 அன்று போன் போட்டு "இன்னும் ஆகலை" என்று கேட்டால் அந்த நான்கு நாளில் செய்திருக்கக்கூடியதை எல்லாம் இழந்துவிட்டாய். அதே போனை முன்னாடியே போட்டால் "பேரிங் வரலை" என்ற செய்தி நீ ஏதாவது செய்ய முடிகிற நேரத்தில் கிடைக்கும். மே 8 வரைக்கும் அந்த வரியைப் பார்க்கவே வேண்டாம். எரிச்சல்படுகிறார்கள் என்றாயே, இடையில் போடும் ஆறு போன்களுக்குத்தான் எரிச்சல்.

மே 25 எங்கிருந்து வந்தது? பின்னாலிருந்து எண்ணி வந்தது. ஜூன் 14 தடை முடிகிற கடைசி நாள். மரப் படகு கரையில் ஒரு மாதிரி நிற்கும், தண்ணீரில் இறங்கினால் உடம்பு கொஞ்சம் மாறி உட்காரும், அதனால் இறக்கிய பிறகு எஞ்சினும் ஷாஃப்டும் நேராக நிற்கிறதா என்று மறுபடி பார்த்து, ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் பத்து நாள் வைத்தால் ஜூன் 4-க்குள் கியர்பாக்ஸ் மண்டபத்தில் இருந்தாக வேண்டும். இந்தப் பட்டறை கைவிட்டால் வேறு இடத்தில் பழையது ஒன்றைத் தேடி வாங்கிவர இன்னொரு பத்து நாள். ஆக மே 25-க்கு மேல் காத்திருந்தால் உனக்கு வேறு வழியே இருக்காது. அன்றைக்குக் கியர்பாக்ஸ் வராவிட்டால் சண்டை போட வேண்டாம், வரியைப் பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்குக் கொண்டு வா: "வேறு கியர்பாக்ஸ் பார்க்கணும்." நாள் கணக்கு என் உத்தேசம், நீ உன் ஆசாரியையும் மெக்கானிக்கையும் கேட்டு மாற்றிக்கொள்.

அப்புறம் கேட்கிற விதம். "எப்போ முடியும்?" என்று கேட்டால் நம் கரை முழுக்க ஒரே பதில்தான்: "ரெண்டு நாள்ல." அது பொய் இல்லை, மரியாதை. "இப்ப எதுக்காக நிக்குது?" என்று கேள். போன வருஷம் எங்கள் அண்ணன் படகுக்கு இதே கதை நடந்தது. பட்டறைக்காரர் தரவில்லை, தரவில்லை என்று மூன்று வாரம் வீட்டில் திட்டிக்கொண்டிருந்தோம். கடைசியில் நான் இந்தக் கேள்வியைக் கேட்டேன். "நீங்கதாம்மா இன்னும் சொல்லலை" என்றார். ஒரு கியரில் பல் உடைந்திருக்கிறது, மாற்றவா வேண்டாமா என்று போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார், அண்ணன் பார்த்திருக்கிறான், நீல டிக் விழுந்திருக்கிறது, மாற்றினால் எவ்வளவு ஆகும் என்று யோசித்தபடியே மறந்துவிட்டான். மூன்று வாரமும் பந்து எங்கள் கையில். நாங்கள்தான் அவரைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

அதனால் உன் கடிதத்தில் "என் பக்கத்து வேலையெல்லாம் முடித்துவிட்டேன்" என்ற வரியைத்தான் நான் நம்பவில்லை. மூன்று இடத்திலும் ஒரு தடவை இப்படிக் கேட்டுப் பார். அவர்கள் உன்னிடம் ஏதாவது எதிர்பார்த்தால் அது காத்திருப்பே இல்லை, உன் வேலை. அவர்கள் வேறு யாருக்காகவோ காத்திருந்தால் பழைய வரியை அடிக்காமல் கீழே சேர்த்து எழுது: "பேரிங் சென்னையிலிருந்து வரணும், மேஸ்திரி மே 6 ஆர்டர் போட்டார்." முதலில் கொடுத்த தேதி எப்போதும் மேலே தெரிய வேண்டும். ஒவ்வொரு போனுக்கும் தேதியைப் புதிதாக மாற்றி எழுதினால் எத்தனை நாளாக இழுக்கிறது என்பது உனக்கே தெரியாமல் போய்விடும்.

பெயர் மாற்றக் காகிதம் வேறு வகை. "ஆபீஸ்" என்று எழுதியிருப்பாய். ஆபீஸ் என்று ஒரு ஆள் கிடையாது, அதற்குப் போன் போட முடியாது. கொடுத்தபோது நகலில் தேதியோடு முத்திரை வாங்கினாயா? உன் மனுவுக்கு ஏதாவது கடிதம் வந்திருந்தால் அதில் ந.க. எண் இருக்கும். அந்த எண்ணின் கடைசியில் அ2, ஆ3 என்பது மாதிரி ஒட்டியிருந்தால் அதுதான் உன் கோப்பு இருக்கிற இருக்கை. எழுத்தர் பெயரை எழுதினால் போதாது, மாறுதலில் போய்விட்டால் அந்த வரி செத்துவிடும். இருக்கையையும் எண்ணையும் எழுது, புதிதாக வந்தவரும் எடுத்துப் பார்ப்பார். கடிதமே வரவில்லை என்றால், கோப்புக்கு எண் போட்டார்களா என்பதுதான் உன் முதல் கேள்வி. அரசு ஆபீஸ் போன்களைச் செவ்வாய்க்கிழமைக்கு வைத்துக்கொள். திங்கள் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள், நீ தேடுகிற ஆள் ராமநாதபுரத்தில் இருக்கலாம். நான் செவ்வாய் காலை பத்தரைக்குப் பின்பக்கத்தை முழுசாக ஒரு தடவை படிப்பேன். மற்ற நாளில் அன்றைய தேதி போட்ட வரியை மட்டும்.

பேங்க் விஷயத்தில் ஒன்று. "சாங்ஷன் ஆயிருச்சு" என்று மேனேஜர் சொன்னதும் வரியை அடித்துவிடாதே, கணக்கில் பணம் ஏறின குறுஞ்செய்தி வந்த பிறகு அடி. சாங்ஷனுக்கும் பணத்துக்கும் நடுவில் ஜாமீன் கையெழுத்து, இன்சூரன்ஸ் நகல் என்று எதையாவது கேட்பார்கள். பதிவு இன்னும் அப்பா பெயரில் இருக்கிறதே, அதனாலேயே கடன் நிற்கிறதா என்று நாளைக்கே கேள். ஆமாம் என்றால் உனக்கு மூன்று காத்திருப்பு இல்லை, இரண்டுதான். மேனேஜருக்குப் போன் போடுவதை விட்டுவிட்டு அந்தக் கோப்பு எண்ணைத் தேடு.