தெரு அகலம் போதும், திருப்பம் போதுமா?

கேள்வி: எங்கள் தெரு சுவருக்குச் சுவர் 3.6 மீட்டர். 6 மீட்டர் சாலையிலிருந்து செங்கோணமாகத் திரும்பித்தான் உள்ளே வர வேண்டும். வீட்டுச் சாமான்களை ஏற்றிவரும் லாரி 2.5 மீட்டர் அகலம். 'விதிப்படி ஒரு வழித்தடமே 3.5 மீட்டர்தான், தாராளமாக நுழையும்' என்கிறார் ஏற்பாடு செய்யும் தரகர். நம்பலாமா?

பதில்: தெருவுக்குள் நேராக ஓட்டுவதற்கு இடம் போதும், ஆனால் முனையில் திரும்பி உள்ளே வருவதற்குப் போதாது. தரகர் சொல்லும் 3.5 மீட்டர், வேகமாகச் செல்லும் வண்டி சற்று இப்படி அப்படி அலைந்தாலும் பக்கத்து வண்டியில் உரசாதிருக்க விடப்படும் அகலம். இரு சுவர்களுக்கிடையே ஊர்ந்து செல்லும் லாரிக்கும் அந்த அளவுக்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் நேர்பகுதியைப் பார்ப்போம். ஆவணங்களில் எழுதப்படும் லாரியின் அகலத்தில் பக்கக் கண்ணாடிகள் சேராது. பக்கத்துக்குக் கால் மீட்டர் என்று கூட்டினால் 2.5 என்பது 3 மீட்டராகிவிடும். உங்கள் தெருவில் மிஞ்சுவது பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர். மெதுவாக ஓட்டுபவருக்கு அது போதும். ஆனால் 3.6 என்பது எந்த இடத்தில் அளந்தது? வரைபடத்தில் தெரு அகலத்தை எழுதுகிற அலுவலகங்கள் மின்கம்பத்தையும் வாசற்படியையும் பிறகு நீண்டுவிட்ட சன்ஷேடையும் கணக்கில் எடுப்பதே இல்லை. அந்தக் காகிதத்தைக் காட்டி வாதாடினால் கம்பம் நகர்ந்துவிடப் போவதுமில்லை. ஆகவே மிகக் குறுகிய இடத்தை நீங்களே அளந்துகொள்ளுங்கள். தரை மட்டத்தில் ஒரு முறையும், கண்ணாடிகள் வரும் இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு முறையும் அளக்க வேண்டும்.

உண்மையான தடை திருப்பத்தில்தான் இருக்கிறது. லாரி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது; உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 5 மீட்டர் உள்ள லாரியின் வெளிப்புற முன்சக்கரம் 10 மீட்டர் ஆரத்தில் திரும்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே பக்கத்துப் பின்சக்கரத்தின் ஆரம் 8.66 மீட்டர்தான், உட்புறப் பின்சக்கரத்துக்கு ஏறக்குறைய 6.2. சக்கரத்துக்கு முன்னால் நீண்டிருக்கும் பம்பரின் மூலையோ வெளியே 10.8 மீட்டர் வரை வீசும். ஆக 2.5 மீட்டர் அகல லாரி திரும்புகையில் துடைத்துச் செல்லும் பட்டையின் அகலம் 4.6 மீட்டருக்கு மேல். உங்கள் தெருமுனையில் சுவர்கள் கூர்மையான செங்கோணத்தில் சந்தித்தால், 6 மீட்டர் சாலையிலிருந்து இந்த லாரி ஒரே வீச்சில் உள்ளே வராது. சுவரின் மூலை சரிவாக வெட்டப்பட்டிருந்தாலோ அங்கே திறந்த இடம் இருந்தாலோ நிலைமை மாறும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட முடியவில்லை, ஏனெனில் இதில் ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐரோப்பிய விதிகளில் சாதாரண லாரிக்கு உச்ச அகலம் 2.55 மீட்டர், குளிர்பதனப் பெட்டி லாரிக்கு மட்டும் சுவர்த் தடிமனுக்காக 2.60 மீட்டர் அனுமதி உண்டு. ஐந்து சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் கண்ணாடியை மடக்கிவிடலாம், அந்தப் பெட்டியை மடக்க முடியாது. சொன்ன லாரி கிடைக்கவில்லை என்று கடைசி நேரத்தில் பழைய குளிர்பதன வண்டியை அனுப்பிவிடுவது தரகர்களுக்குப் பழக்கம். எனவே வண்டி எண்ணையும் பெட்டியின் வெளி அகலத்தையும் அச்சுகளுக்கிடையே உள்ள தூரத்தையும் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள்.

தரகரின் இன்னொரு தந்திரமும் உண்டு. 'நுழையும்' என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, தெருமுனையில் லாரி நின்றதும் சிறிய வண்டிக்கு மாற்றிச் சுமக்கத் தனிக்கூலி கேட்பார்கள். அந்த நேரத்தில் உங்களுக்கு வேறு வழி இருக்காது. 'வீட்டு வாசல் வரை' என்ற சொற்களும், லாரி நுழையாவிட்டால் மாற்று வண்டியின் செலவு யாருடையது என்பதும் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

என் யோசனை, 2 மீட்டர் அகலமும் அச்சுகளுக்கிடையே சுமார் 3.4 மீட்டரும் உள்ள சிறிய லாரியையே கேளுங்கள் என்பதுதான். 7 மீட்டர் ஆரத்தில் திரும்பினால் அதற்குத் தேவைப்படும் பட்டை ஏறக்குறைய 3.5 மீட்டர். முனையில் ஓரிரு முறை முன்னும் பின்னும் எடுத்தால் உள்ளே வந்துவிடும். நடைகள் கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். முனையில் சாக்கடை மூடியின் மேல் பின்சக்கரம் ஏறுமா என்று சுண்ணக்கட்டியால் தடத்தை வரைந்து பாருங்கள். ஏறுமென்றால், அந்த மூடி பாரம் தாங்கும் என்று உறுதியாகத் தெரியும்வரை வண்டியை உள்ளே விடாதீர்கள். தெருவுக்குள் திருப்ப இடம் இல்லையென்றால் வண்டி பின்னோக்கி உள்ளே வந்து, சாமானை இறக்கியபின் நேராக வெளியேறட்டும்.