காது மெசின் போட்ட அம்மா போனைக் காதில் வைத்தாலே ‘ர்ர்ர்’ என்று இரைகிறதாம். M3/T3 என்று போட்ட போன் வாங்கினால் சரியாகுமா?

முக்கால்வாசி சரியாகும். மிச்சக் கால்வாசியில்தான் நான் ஆறு மாதம் அலைந்தேன். நான் டொக்டர் இல்லை, வயரிங் வேலை செய்தவன். ‘புளூடூத் மெசின் வாங்கலாமே’ என்று கீழே எழுத வருகிறவர்கள் அதன் விலையையும் சேர்த்து எழுதுங்கள்.

அப்பாவுக்குக் காதுக்குப் பின்னால் கொழுவுகிற மெசின். கையில் இருந்தது பட்டன் போன், 2ஜி மட்டும். கோல் வந்தால் காதில் வைத்துவிட்டு உடனே எடுத்துவிடுவார். “தம்பி, உதுக்குள்ள வண்டு கிடக்குது” என்பார். மெசின் வாங்கிய இடத்துக்கு இரண்டு தரம் கொண்டுபோனோம். இரண்டு தரமும் குழாயை மாற்றிக் காசு வாங்கினார்கள். போன் எது என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு வாய்க்குள் கதைக்கிறார்கள், காது கேளாதவர் திரும்பக் கேட்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். காது மெசின் விற்கிற இடத்திலேயே இப்படி என்றால் வங்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பிறகு ஒருநாள் விறாந்தையில் ரேடியோ போட்டிருந்தபோது போன் அடிக்கிறதுக்குக் கொஞ்சம் முன்னம் ரேடியோ ‘டிடிட் டிடிட்’ என்றது. அப்போதுதான் விளங்கியது. 2ஜி போன் தொடர்ச்சியாக அலை அனுப்பாது. கதைக்கும்போது செக்கனுக்கு 217 தரம் விட்டு விட்டு அடிக்கும், ஒவ்வோர் அடியும் 2 வாட் வரை போகும். மெசினுக்குள் இருக்கிற மைக்கும் அதன் அம்பிளிபயரும் அந்த விட்டு விட்டு அடிப்பதைச் சத்தமாக எடுத்துக்கொள்ளும். அப்பாவின் வண்டு அதுதான். பின் அறையில் சிக்னல் குறைவு, போன் பலமாக அடிக்கும், இரைச்சல் கூடும். கிணற்றடிக்குப் போனால் பாதியாகும். உங்கள் அம்மாவுக்கும் இடம் மாற இரைச்சல் மாறுகிறதென்றால், மெசின் பழுதில்லை என்று அனேகமாக எடுத்துக்கொள்ளலாம்.

M என்கிற எண் இந்த அலைக்குத்தான். 1 மோசம், 4 நல்லது. மெசினுக்கும் இப்படி ஓர் எண் உண்டு, இரண்டையும் கூட்டிப் பாருங்கள். மெசின் 2, போன் 3 என்றால் 5, வழமையாகக் கதைக்கலாம். 4 என்றால் ஒருமாதிரிச் சமாளிக்கலாம், 6 என்றால் திறம். 2019 இல் திருத்திய தரநிர்ணயத்தில் இந்த எண்களை எடுத்துவிட்டார்கள், பொருந்தும் அல்லது பொருந்தாது என்பது மட்டும்தான். அதனால் புதுப் போன் பெட்டியில் எண் இல்லையென்று பயப்படத் தேவையில்லை.

T வேறு கதை. மெசினுக்குள் ஒரு சின்னக் கம்பிச்சுருள் இருந்தால்தான் அது பயன்படும் (சின்ன மெசின்கள் பலவற்றில் அது இல்லை, முதலில் கேளுங்கள்). மெசினை T இல் போட்டால் அதன் மைக் நின்றுவிடும், போனின் ஸ்பீக்கரிலிருந்து வருகிற காந்தப்புலத்தைச் சுருள் நேரே பிடிக்கும். “காகம் கத்துறதுகூடக் கேக்குதில்லை” என்று அப்பாவுக்கு முதலில் கோபம். அதோடு போனைக் காதுத் துவாரத்தில் வைத்தால் சத்தம் வராது. சுருள் காதுக்குப் பின்னால்தானே இருக்கிறது, அரை அங்குலம் பின்னுக்கும் மேலுக்கும் நகர்த்திச் சரித்துப் பார்த்து இடம் பிடிக்க வேண்டும்.

அண்ணா கனடாவிலிருந்து M3/T3 போன் ஒன்று அனுப்பினார். T இல் போட்டோம், திரும்ப இரைந்தது! போனை அணைத்தேன், மெல்லிய ‘ம்ம்’ மட்டும் மிஞ்சியது. அது வீட்டுக் கரண்டின் 50 ஹேர்ட்ஸ். பழைய ரியூப்லைட் சோக்கை விட்டுத் தள்ளி உட்கார்ந்ததும் போய்விட்டது. ஆனால் கோல் எடுத்தால் மற்ற இரைச்சல் அப்படியே இருந்தது. திரையைப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 4G, கோல் இணைந்ததும் E. கோல் 2ஜிக்கு இறங்குகிறது. 217 தரம் அடிக்கிறதென்றால் பற்றரியிலிருந்தும் அத்தனை தரம் கரண்ட் இழுபடும், அந்தக் கரண்டுக்கும் காந்தப்புலம் உண்டு, சுருளுக்கு அதுவும் குரலும் ஒன்றுதான். செட்டிங்ஸில் VoLTE நிறுத்திக் கிடந்தது. போட்டேன், கோல் 4ஜியிலேயே நின்றது, வண்டு போய்விட்டது.

ஆகவே எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். செட்டிங்ஸில் Hearing aid compatibility என்று இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். அம்மாவையும் மெசினையும் சிம்மையும் கடைக்குக் கொண்டுபோய், கடைக்குள் நின்றே ஒரு கோல் எடுத்துக் கதைக்க விடுங்கள். விடமாட்டோம் என்றால் பக்கத்துக் கடைக்குப் போங்கள்.