முதீர் பேனாவை எடுத்தாரா?

கேள்வி: சவூதி தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறேன். ஐந்தாவது வருஷம் ஓடுகிறது. அப்பா இல்லை. தை மாதக் கடைசியில் தங்கைக்குக் கல்யாணம். மூன்று மாதமாக லீவு கேட்கிறேன். முதீர், அதாவது எங்கள் மேனேஜர், தோளைத் தட்டி "இன்ஷா அல்லாஹ், ஹபீபி" என்கிறார். விடாமல் கேட்டால் "யல்லா, யல்லா" என்று கிளம்பிவிடுகிறார். ரூமில் இருக்கும் மலையாளி சேட்டன் கிடைக்கும் என்கிறார். பாகிஸ்தான்காரரோ, இன்ஷா அல்லாஹ் என்றாலே இல்லை என்றுதான் அர்த்தம் என்கிறார். அம்மாவிடம் லீவு ஓகே ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன், பத்திரிகையும் கொடுத்தாயிற்று. இந்த வார்த்தைகளை எப்படி எடுத்துக்கொள்வது அண்ணே?
(பெயர் வேண்டாம், கள்ளக்குறிச்சி மாவட்டம்)

பதில்: தம்பி, "ஓகே" என்று உன் முதீர் எப்போது சொன்னார்? அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை. அவர் "இன்ஷா அல்லாஹ்" என்றார். அது கடல் தாண்டி உன் அம்மா காதுக்குப் போகும்போது "ஓகே" ஆகிவிட்டது. மாற்றியவன் நீ. மூன்று மாதமாக அவரைக் குறை சொல்கிறாயே, அவராவது நடுவில் அல்லாஹ்வை வைத்துப் பேசினார். நீ அதையும் எடுத்துவிட்டு அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய்.

நான் கீழக்கரைக்காரன். பிறந்ததிலிருந்து இந்த வார்த்தையோடு வளர்ந்தவன். குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்தில், 23, 24ஆம் வசனங்களில், எதைப் பற்றியும் "நாளைக்கு இதைச் செய்துவிடுவேன்" என்று சொல்லாதே, "அல்லாஹ் நாடினால்" என்று சேர்த்துச் சொல் என்று வருகிறது. என் பங்கை நான் செய்வேன், முடிவு என் கையில் இல்லை என்பதுதான் அதன் பொருள். "செய்கிற எண்ணம் மனசில் இல்லாமல் அதை வாயில் எடுக்காதே" என்று வாப்பா திட்டுவார். ஆகவே உன் பாகிஸ்தான் நண்பர் சொல்வது தவறு. சேட்டன் சொல்வதும் தவறுதான்.

முகத்துக்கு நேரே "லா", அதாவது இல்லை, என்று சொல்வது அங்கே மரியாதைக் குறைவு. கேட்டவன் மனம் நோகாமல் அனுப்பவும் அதே இன்ஷா அல்லாஹ்தான் உதவுகிறது. நமக்கு இது புதுசா? பெண் பார்த்துவிட்டு, கேசரியும் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்" என்று எழுந்து போனவர்களை உன் அம்மாவும் பார்த்திருப்பார். அவர்கள் முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அம்மாவுக்குப் புரிந்திருக்கும். காமராஜரோ "ஆகட்டும் பார்க்கலாம்" என்றால் காரியம் நடக்கும் என்பார்கள். வார்த்தையை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. சொன்னவர் அடுத்து என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும்.

இதை நான் தோற்றுத்தான் கற்றுக்கொண்டேன். 1996இல் ஜுபைலில் ஒரு கம்பெனியில் இருந்தேன். வாப்பா இறந்திருந்தார். தங்கச்சியின் நிக்காஹுக்கு மூத்த அண்ணனான நான்தான் வலீ, அதாவது அவளை மணமுடித்துக் கொடுக்கும் பொறுப்பாளி. முதீர் "புக்ரா, இன்ஷா அல்லாஹ்" என்றார். புக்ரா என்றால் நாளை. அந்த நாளை நாற்பது நாள் நீண்டது. நானோ ஊருக்கு "வருகிறேன், நாள் குறியுங்கள்" என்று எழுதிப் போட்டிருந்தேன். ஆபீஸில் எகிப்து நாட்டு மிஸ்ரி குமாஸ்தா ஒருவர் இருந்தார். என் புலம்பலைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "சொல்லும்போது பேனாவை எடுத்தாரா? மந்தூபைக் கூப்பிட்டாரா?" மந்தூப் என்றால் விசா, இக்காமா வேலைக்கு அரசு அலுவலகங்களுக்கு அலைகிற கம்பெனி ஆள். முதீர் பேனாவையும் எடுக்கவில்லை, மந்தூபையும் கூப்பிடவில்லை. நிக்காஹில் என் இடத்தில் சாச்சா உட்கார்ந்தார். தங்கச்சி இரண்டு வருஷம் என்னோடு சரியாகப் பேசவில்லை. லீவு கிடைக்காததற்காக அல்ல, வருவேன் என்று எழுதியதற்காக.

உன் முதீருக்கு வருவோம். "லீவு கிடைக்குமா?" என்று கேட்டால் இன்ஷா அல்லாஹ்தான் வரும். கேள்வியே அதற்கு இடம் கொடுக்கிறது. உன் இடத்தில் யார் என்பதுதான் அவருடைய கவலை. நல்ல வேளை, தையில் அங்கே குளிர், கோடை மாதிரி ஏசி வேலை குவியாது. கூட வேலை பார்க்கிறவன் ஒருவனிடம் பேசி முடித்துவிட்டு, அவனையும் அழைத்துக்கொண்டு போ. "பதீல் மவ்ஜூத்" என்று சொல். மாற்று ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். போகிற தேதி, திரும்புகிற தேதி இரண்டையும் எழுதிய லீவு ஃபாரத்தை மேஜைமேல் வைத்து "தவ்கீ" என்று சொல், கையெழுத்து. அப்புறம் வாயை மூடிக்கொண்டு நில். கையெழுத்துப் போட்டபடியே "இன்ஷா அல்லாஹ்" என்றால் அது வாப்பா சொன்ன இன்ஷா அல்லாஹ். ஃபாரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னால் லெட்டர் போடுகிற கதை.

சவூதி சட்டப்படி வருஷத்துக்கு 21 நாளாவது சம்பளத்தோடு லீவு உண்டு, ஒரே கம்பெனியில் ஐந்து வருஷம் முடித்தால் 30 நாள். ஆனால் எந்தத் தேதியில் என்பதை வேலையைப் பொறுத்துக் கம்பெனி முடிவு செய்யலாம். கையெழுத்து வந்ததும், ஊருக்குப் போய்த் திரும்பி வருவதற்கான எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா வாங்கு. டிக்கெட் அதற்கு அப்புறம். 2021 முதல் தொழிலாளியே அப்ஷர் செயலியில் ரீ-என்ட்ரிக்கு விண்ணப்பிக்கலாம் என்று வந்திருக்கிறது. அதை நம்பி லீவு வாங்காமல் விமானம் ஏறாதே. நாட்டைவிட்டு வெளியே போக அனுமதி வேறு, வேலையிலிருந்து லீவு வேறு.

ஹபீபிக்குப் பெரிசாக மயங்க வேண்டாம். "என் அன்பே" என்றுதான் நேர் அர்த்தம். ஆனால் டாக்ஸிக்காரரும் சொல்வார், கடைக்காரரும் சொல்வார். "லா, ஹபீபி" என்று மறுக்கவும் அதுதான். பொய்யில்லை, சொந்தமும் இல்லை. (பெண்களிடம் "ஹபீப்தி" என்று நீ திருப்பிச் சொல்லி வைக்காதே, வம்பு.) யல்லா, "யா அல்லாஹ்" என்பதிலிருந்து வந்தது. வா, கிளம்பு, சீக்கிரம் என்று எல்லாவற்றுக்கும் வரும். போனை வைக்கும்போதும் யல்லாதான். உன் கேள்விக்குப் பதிலாக யல்லா வந்தால், அன்றைய பேச்சு முடிந்தது. அதற்கு மேல் பின்னாலேயே போனாயானால் அவருக்கு எரிச்சல்தான் வரும்.

முதீரை நாளைக்குப் பார்த்துக்கொள். இன்று ராத்திரியே அம்மாவுக்குப் போன் போடு. "லீவு இன்னும் கையெழுத்தாகவில்லை, நான் முந்திச் சொல்லிவிட்டேன்" என்று சொல். அழுவார், திட்டுவார், கேட்டுக்கொள். அப்பா இல்லாத வீட்டில் உன் வார்த்தையை வைத்துத்தான் அவர் மண்டபத்துக்கு முன்பணம் முதல் எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கிறார். உங்கள் வீட்டு வழக்கத்தில் ஹோமத்தில் தங்கை கையில் பொரி அள்ளிப் போடுவது அண்ணன் என்றால், நீ வராத பட்சத்தில் யார் போடுவது என்று அம்மாவிடமே கேள். சித்தப்பா மகனோ, பெரியப்பா மகனோ, இப்போதே போய்ச் சொன்னால் கௌரவமாக வந்து நிற்பான். முகூர்த்தத்தன்று காலையில் கையைப் பிடித்து இழுத்தால், "அண்ணன் வரலேன்னுதானே என்னைக் கூப்பிடுறீங்க" என்பான்.