பயோல ஒரு ஜோக் வச்சா என்ன ஆகும்?

அண்ணா வணக்கம். நான் 12 வருஷமா கவுன்சலிங் பண்றேன். அடுத்த மாசம் ஒரு கருத்தரங்குல பேச கூப்பிட்டிருக்காங்க, 80 வார்த்தைல பயோ கேட்டாங்க. எழுதிப் பார்த்தா அப்ளிகேஷன் ஃபார்ம் மாதிரி இருக்கு. அதனால கடைசில "எல்லோர் வீட்டுப் பிரச்சினையையும் தீர்த்து வைப்பவர், இவர் வீட்டில் மட்டும் யாரும் இவர் பேச்சைக் கேட்பதில்லை"ன்னு ஒரு வரி சேர்த்தேன். ஃப்ரெண்ட்ஸ் சிரிச்சாங்க, வீட்டுக்காரர் மட்டும் வேணாம்ங்கறார். இதையே க்ளினிக் வெப்சைட்லயும் போடலாம்னு இருக்கேன். வச்சுக்கவா, எடுத்துடவா?
– ஒரு வாசகி

வணக்கம்மா,

எடுத்துடுங்க. உங்க வீட்டுக்காரர் சொல்றது சரி, ஆனா அவர் என்ன காரணத்துக்கு சொல்றார்னு தெரியல, நான் என் காரணத்த சொல்றேன்.

உங்க ஃப்ரெண்ட்ஸ் சிரிச்சது ஏன்னா அவங்களுக்கு நீங்க வேலைல கெட்டின்னு ஏற்கனவே தெரியும். க்ளினிக் வெப்சைட்ட திறக்கறவங்களுக்கு அது தெரியாது. ராத்திரி தூக்கம் வராம, இவங்ககிட்ட போலாமா வேணாமான்னு நாலு பேரோட பயோவ மாத்தி மாத்தி படிச்சிட்டு இருக்கற ஆளு அவரு, அவர் வீட்டுலயும் யாரும் அவர் பேச்ச கேக்கறதில்லங்கறதுதான் பிரச்சனையாவே இருக்கலாம். அவருக்கு உங்க வரி ஜோக்கா தெரியாது, "அப்போ இவங்களாலயும் முடியலயா"ன்னுதான் தோணும். தன்னைத்தானே கிண்டல் பண்ணிக்கறது பொதுவா பத்திரம்தான், ஆனா எந்த திறமைக்காக ஆள் உங்கள தேடி வராங்களோ அத மட்டும் தொடக்கூடாது. ஆடிட்டர் "எனக்கு கூட்டல் வராது"ன்னு எழுதினா சிரிச்சிட்டு அடுத்த ஆடிட்டர்கிட்ட போயிடுவாங்க.

இதுல இன்னொரு நுணுக்கம் இருக்கு. "வீட்டில் பதினொரு செடி வளர்க்கிறார், ஏழு உயிரோடு இருக்கிறது"ன்னு ஒரு வரி. ஆடிட்டருக்கு இது அழகா உக்காரும். உங்களுக்கு ஆகாது, ஏன்னா உங்க தொழிலே ஒரு உயிர பாத்துக்கறது, படிக்கறவர் அந்த செத்துப்போன நாலு செடில ஒண்ணா தன்னை நினைச்சுப்பார். அதனால ஜோக் எங்கேயோ இருந்து வரணும், உங்க வேலைக்கு சம்பந்தமே இல்லாத ஒரு சின்ன உண்மையான விஷயத்துல இருந்து. "காபி பைத்தியம்" மாதிரி எல்லாரும் போடறது வேணாம், அதுல நீங்க இல்ல.

இப்ப கருத்தரங்கு. அங்க ஒரு வரி வைக்கலாம், ஆனா அமைப்பாளர்கிட்ட மொதல்ல ரெண்டு விஷயம் கேளுங்க: பயோ அச்சுல வருதா இல்ல யாராவது மைக்குல படிக்கறாங்களா, எதிர்ல உக்காந்திருக்கறது யாரு. சக கவுன்சலர்களா, இல்ல பிள்ளைய பறிகொடுத்த பெத்தவங்களா? ரெண்டாவதுன்னா ஒரு சிரிப்பு கூட வேணாம். நிதி குடுக்கற கமிட்டி, கோர்ட்டு, விசா ஆபீஸ், இங்கெல்லாமும் அப்படித்தான், படிக்கறவர் உங்கள ரசிக்க உக்காரல, தகுதி இருக்கான்னு டிக் அடிக்க உக்காந்திருக்கார்.

மைக்குல படிக்கறதுன்னு சொன்னேன்ல, அது நான் பட்டது. என் பயோல "பத்து வருடமாக ஒரு நாவல் எழுதி வருகிறார், எட்டாம் பக்கத்தில் இருக்கிறார்"னு ஒரு வரி ரொம்ப நாளா இருந்துச்சு. ஒரு இரங்கல் கூட்டத்துல பேச போனேன், அங்க யாரோ பழைய ஃபைல்ல இருந்து எடுத்து, அதே துக்க குரல்ல, நிறுத்தி நிதானமா அத படிச்சாங்க. முன் வரிசைல இறந்தவரோட மனைவி. நான் கீழ குனிஞ்சவன் நிமிரவே இல்ல. தப்பு படிச்சவங்க மேல இல்ல, நான்தான் எங்க போகும்னு யோசிக்காம ஒரே பயோவ எல்லாருக்கும் அனுப்பி வச்சிருந்தேன்.

அதுக்கப்புறம் ரெண்டு ஃபைல் வச்சிருக்கேன். ஒண்ணு வெறும் பயோ. இன்னொண்ணு அதே பயோ, கடைசில மட்டும் ஒரு தனி வாக்கியம், வெட்டி எடுத்தா மேல இருக்கறது ஒரு எழுத்தும் மாறாம நிக்கணும். நடுவுல படிப்புக்கும் அனுபவத்துக்கும் இடையில ஜோக்க பின்னிட்டீங்கன்னா அவசரத்துக்கு பிரிக்க முடியாது. அனுப்பறதுக்கு முன்னாடி உங்கள தெரியாத ஒருத்தர்கிட்ட குடுத்து பேப்பர் படிக்கற மாதிரி சத்தமா படிக்க சொல்லுங்க. அவர் அந்த வரில நின்னு "இது நெஜமாவா?"ன்னு கேட்டாருன்னா போச்சு, எடுத்துடுங்க.

உங்களுக்கு நான் எழுதினா கடைசி வரி இப்படி இருக்கும்: "மூன்று ஆண்டுகளாக கீபோர்டு கற்று வருகிறார், பக்கத்து வீட்டார் இன்னும் பேசுகிறார்கள்." குரல் தட்டையா இருந்தாலும் இது கொஞ்சமாவது சிரிக்க வைக்கும், யாரையும் குத்தல, உங்க தொழில் பக்கமே போகல. கருத்தரங்குக்கு இது, க்ளினிக் வெப்சைட்டுக்கு அதுவும் வேணாம்.

ஆனா நெஜமாவே கீபோர்டு கத்துக்கலன்னா இத போட்டுடாதீங்க, கூட்டம் முடிஞ்சதும் எவராவது ஒரு பாட்டு வாசிங்கம்மான்னு கேட்டுடுவாங்க.